மீட்டிங்ல "சரிங்க", ராத்திரி ட்ரஃப்ல வேற: அஞ்சு வழி, ஒவ்வொண்ணுக்கும் என்ன விலை

கோத்தகிரி பக்கம் ஒரு சின்ன டீ ஃபேக்டரியில குவாலிட்டி பாக்குற பொண்ணு கேட்ட கேள்வி இது. வேற வேற வேலையில இருக்கிறவங்களும் இதையே வேற மாதிரி கேட்டிருக்காங்க, அதனால கொஞ்சம் விரிவாவே எழுதிடறேன்.

அவங்களோடது சொந்த எஸ்டேட் இல்லாத, சிறு விவசாயிங்ககிட்ட பச்சை இலை வாங்கி ஓட்டுற ஃபேக்டரி, நம்ம ஊர்ல பாட் லீஃப்னு சொல்வோமே அது. திங்கக்கிழமை காலைல மீட்டிங். ஓனர், மேனேஜர், இந்தப் பொண்ணு, அப்புறம் சாயங்காலம் இலை எடை போடறதுல இருந்து ராத்திரி ஷிஃப்ட் வரைக்கும் பாக்குற சூப்பர்வைசர் அண்ணன், இருபது வருஷத்துக்கு மேல அங்கயே இருக்கிறவரு. ரெண்டு முடிவு எடுக்கறாங்க. ஒண்ணு, ட்ரஃப்ல, அதாவது இலையைப் பரப்பி காத்து ஊதி வாட்டுற நீளத் தொட்டியில, இலை பன்னெண்டு மணி நேரமாவது வாடணும். ரெண்டு, முத்தல் இலை வந்தா நல்ல இலையோட கலக்காம தனியா எடை போட்டு ரேட் குறைக்கணும். அண்ணன் ரெண்டுக்கும் தலையாட்டறாரு, "சரிங்க, செஞ்சிரலாம்ங்க"ன்னு வாயாலயும் சொல்றாரு.

மறுநாள் காலைல இவங்க வந்து பாத்தா ராத்திரி பத்து மணிக்கு ஏத்துன இலையை ஆறு மணிக்கே இறக்கி, இலையை நறுக்கி சுருட்டற சிடிசி மெஷினுக்கு விட்டாச்சு, முத்தல் இலையும் எல்லாத்தோடயும் கலந்தாச்சு, கேட்டா "இன்னிக்கு ஒரு நாள் அப்படி ஆயிருச்சுங்க மேடம்". அந்த ஒரு நாள் வாரக்கணக்கா தினமும் நடக்குது. கூடவே இலை ஏஜென்ட்டுங்ககிட்ட "நான் என்ன பண்றது, ஆஃபீஸ்ல புதுசா ஒரு மேடம் வந்திருக்காங்க, அவங்க போட்ட ரூல்"னு சொல்லி வச்சிருக்காரு, அது சுத்தி சுத்தி இவங்க காதுக்கே வந்து சேந்துருச்சு.

"விட்டுடவா, தனியா பேசவா, எழுத்துல போடவா, ஓனர்கிட்ட சொல்லவா?" இதான் அவங்க கேட்டது. நான் இன்னொண்ணு சேத்து அஞ்சா பாக்கறேன்.

## எதை வச்சு எடை போடறது

வழிகளுக்குள்ள போறதுக்கு முன்னாடி நாலு விஷயத்தை முடிவு பண்ணிக்கலாம், இல்லன்னா கோவம் எந்தப் பக்கம் இழுக்குதோ அந்தப் பக்கம் போயிருவோம்.

முதல் விஷயம், அவரு சொன்ன "சரி" எந்த வகை சரின்னு கண்டுபிடிக்க இந்த வழி உதவுதா. மத்த மூணையும் விட இதுதான் பெருசு. முடியாதுன்னு சொல்ல இடமில்லாததால வர்ற சரி ஒண்ணு இருக்கு, செய்ய இஷ்டமில்லாம வாயை அடைக்கறதுக்காக சொல்ற சரி இன்னொண்ணு. வெளிய இருந்து பாத்தா ரெண்டும் ஒண்ணு போலத்தான் தெரியும். 1945ல அமெரிக்க ராணுவத்தோட மருத்துவக் குறிப்புல இந்த பாசிவ் அக்ரசிவ் நடத்தையைப் பத்தி எழுதுனப்ப அவங்க பாத்தது சிப்பாய்ங்களைத்தான்: ஆர்டரை மறுத்தா தண்டனை, அதனால முகத்தைத் தூக்கி வச்சுக்கிறது, இழுத்தடிக்கிறது, செய்யறேன்னு சொல்லி செய்யாம விடறது. அதாவது முடியாதுன்னு சொல்லவே முடியாத இடத்துல மறுப்பு இந்த வேஷத்துல வருது. நம்ம மீட்டிங்ல ஓனர் உக்காந்திருக்கும்போது யாரு முடியாதுன்னு சொல்லுவாங்க, சொல்லுங்க பாப்போம்.

ரெண்டாவது, அடுத்த தடவை நடந்துச்சா இல்லையான்னு சண்டை இல்லாம செக் பண்ண முடியுமா. மூணாவது, இதுக்கான விலையை யாரு குடுக்கறது, நீங்களா, அவரா, ஃபேக்டரியா. நாலாவது, சரிப்பட்டு வரலன்னா பழைய நிலைமைக்குத் திரும்ப முடியுமா. மலையில இது முக்கியம், ஏன்னா காலைல சண்டை போட்டவரையே சாயங்காலம் பஸ்ல பக்கத்து சீட்ல பாக்கணும், அவரும் பாதி ஏஜென்ட்டுங்களும் ஒரே ஹட்டி, அதாவது ஒரே மலைக் கிராமத்துக்காரங்க வேற.

## வழி 1: கண்டுக்காம விட்டு, நாமளே சமாளிச்சுக்கறது

நிறைய பேரு எடுக்கற வழி இதான், எடுத்தோம்னு தெரியாமலே எடுக்கறது. இந்தப் பொண்ணும் மூணாவது வாரத்துல இருந்து காலைல அஞ்சரைக்கே ஃபேக்டரிக்கு வந்து ட்ரஃப் ட்ரஃப்பா கை விட்டுப் பாக்க ஆரம்பிச்சிருக்காங்க. ஒரு கைப்பிடி இலையை எடுத்து இறுக்கி அமுக்கி விடணும். நல்லா வாடியிருந்தா உருண்டை மெதுவா விரியும், காம்பு வளையும் ஆனா உடையாது. வாடலன்னா கையை எடுத்ததும் இலை சடார்னு விரிஞ்சுரும், காம்பை மடக்குனா டக்குன்னு முறியும். முறிஞ்சா அந்த ட்ரஃப்ப நிறுத்தி வைக்கச் சொல்லிட்டு மேல போவாங்க. அவங்க மாடிக்குப் போனதும் அது இறங்கிரும்.

இந்த வழிக்கு செலவே இல்லைங்கற மாதிரி இருக்கும், ஆனா இருக்கு, விறகுல இருக்கு. தோட்டத்துல இருந்து வர்ற இலையில நூத்துக்கு 78 பங்கு தண்ணின்னு வச்சுக்குங்க, மீதி 22 கிலோதான் சரக்கு. அதை 70 சதவீத ஈரம் வரைக்கும் வாட்டுனா 100 கிலோ இலை 73 கிலோ ஆகும். அவசரத்துல 74லயே இறக்கிட்டா 84 கிலோவுக்கு மேல நிக்கும். வித்தியாசம் 11 கிலோ தண்ணி, அது ட்ரஃப்ல காத்துலயே போயிருக்க வேண்டியது, இப்ப ட்ரையர்ல விறகு எரிச்சு விரட்டணும். ஒரு நாளைக்கு பத்தாயிரம் கிலோ இலை ஓடற ஃபேக்டரின்னா ஆயிரத்து நூறு கிலோ தண்ணி. ட்ரையர்ல ஈரம் சரியா போகலன்னா டீ மூட்டையில இருக்கும்போதே கெட ஆரம்பிக்கும், அதுக்கு பயந்து சூட்டை ஏத்துனா கருகல் வாசம் வரும், ரெண்டுமே பழி குவாலிட்டி மேலதான் விழும்.

இதை விட மோசமான செலவு என்னன்னா, ரெண்டு மாசம் கழிச்சு அது மேடம் வேலைன்னு ஆயிரும். நீங்க லீவு போட்ட அன்னிக்கு இலை வாடலன்னா "மேடம் பாக்கலைங்க"ன்னு பதில் வரும்.

எப்ப இது சரின்னா, அவரு சீக்கிரம் ரிடையர் ஆகப் போறாரு, இல்ல நீங்க வேற வேலை தேடிட்டு இருக்கீங்க, இல்ல விஷயமே சின்னது. இல்லன்னா இலை கொட்டுற சீசன் நடுவுல இருக்கீங்க, யாருக்கும் தூக்கமே இல்ல, இப்ப பேசுனா எதுவும் காதுல ஏறாது. அப்ப ஒரு தேதி வச்சுக்கிட்டு அது வரைக்கும் விடறது தப்பில்ல. தேதி இல்லாம விட்டா அதுக்குப் பேரு முடிவு இல்ல.

## வழி 2: தனியா கூப்பிட்டு பேசறது

எல்லாரும் முதல்ல சொல்ற அட்வைஸ் இது, நானும் வேண்டாம்னு சொல்லல, ஆனா பேசற விதத்துலதான் எல்லாமே இருக்கு. "ஏன் அண்ணே மீட்டிங்ல சரின்னு சொல்லிட்டு இப்படி பண்றீங்க"ன்னு ஆரம்பிச்சா அது குணத்தைப் பத்துன கேள்வி, அதுக்கு மனுஷனால ரெண்டே பதில்தான் சொல்ல முடியும், ஒண்ணு கோவம், இன்னொண்ணு மறுபடியும் ஒரு சரி. இன்னொரு சரியை வாங்கிட்டு வந்தா நீங்க ஆரம்பிச்ச இடத்துக்கும் பின்னாடி போயிட்டீங்கன்னு அர்த்தம்.

அதுக்குப் பதிலா ஒரு ராத்திரியை எடுத்துக்குங்க. "அண்ணே, நேத்து மூணாம் நம்பர் ட்ரஃப்ப ஆறு மணிக்கு இறக்கியிருக்கீங்க. இன்னும் நாலு மணி நேரம் விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்?" இந்தக் கேள்விக்கு சரின்னு பதில் சொல்ல முடியாது பாருங்க. ஏதாவது ஒரு விவரம் வந்தே ஆகணும். வேலை தெரிஞ்ச ஆளா இருந்தா விவரம் கொட்டும், செய்ய இஷ்டமில்லாத ஆளா இருந்தா "அது அப்படித்தாங்க"ன்னு நிக்கும். ரெண்டுமே உங்களுக்குத் தகவல்தான்.

ஆஃபீஸ் ரூம்ல கதவைச் சாத்திட்டு பேசாதீங்க. அவரு இருபது வருஷ சீனியர், நீங்க வயசுல சின்னவங்க, அதுலயும் பொண்ணு, கதவு சாத்துனதுமே அது விசாரணை ஆயிரும், மத்தியானத்துக்குள்ள "மேடம் அண்ணனை மிரட்டுனாங்க"ன்னு லைன் வீடு வரைக்கும் போயிரும். இலை ஷெட்ல, டீ குடிக்கற நேரத்துல, ட்ரஃப்ப பாத்துக்கிட்டே பேசறதுதான் நல்லது.

மறைமுக செலவு: எழுத்துல எதுவும் இருக்காது. நாளைக்கு அவரு "நாங்க பேசி பத்து மணி நேரம்னு முடிவு பண்ணிட்டோமே"ன்னு மேனேஜர்கிட்ட சொன்னா உங்ககிட்ட காட்ட ஒண்ணுமில்ல. அதனால இதை ஒரு தடவைதான் தனியா பண்ணலாம், திரும்பத் திரும்ப இதையே பண்ணிட்டிருந்தா அது வழி 1 மாதிரிதான்.

## வழி 3: எழுத்துல போடறது

மீட்டிங் முடிஞ்ச பத்து நிமிஷத்துல வாட்ஸ்அப் குரூப்ல முடிவைப் போட்டுடறது, ட்ரஃப் பக்கத்துல ஒரு ரெஜிஸ்டர் தொங்கவிட்டு ஏத்துன நேரம், இறக்குன நேரம், கையெழுத்துன்னு வாங்கறது. படிச்சவங்களுக்குப் பிடிச்ச வழி இது. என் கணக்குல இதுக்குக் கிடைக்கிற மரியாதை கொஞ்சம் ஜாஸ்தி.

ஏன்னா எழுத்து நடந்ததை மாத்தாது, எழுதறதைத்தான் மாத்தும். இறக்குறது ஆறு மணிக்கு, ரெஜிஸ்டர்ல பத்து மணி. கண்டுபிடிக்கறது ஒண்ணும் கஷ்டமில்ல: எல்லா நேரமும் முழு மணியா இருக்கும், ஒரு வாரத்து கையெழுத்தும் ஒரே பேனா ஒரே சாய்வுல இருக்கும், ட்ரஃப் இன்னும் இறங்கலன்னு எழுதியிருக்கற நேரத்துக்கு முன்னாடியே ட்ரையர்ல அந்த இலையோட டீ விழுந்திருக்கும். ஆனா கண்டுபிடிச்சதும் உங்க பிரச்சினை பெருசாயிருச்சு. முன்னாடி ஒரு ஆளு சொன்னதைச் செய்யல, அவ்வளவுதான். இப்ப பொய் ரெக்கார்டு, அதை நீங்க பாத்துட்டீங்க, இனிமே பாக்காத மாதிரி இருக்கவும் முடியாது.

குரூப்ல போடறதுக்கும் ஒரு விலை இருக்கு. ஓனர் இருக்கற குரூப்ல "மீட்டிங்ல முடிவானபடி"ன்னு நீங்க ஆரம்பிச்சாலே அண்ணனுக்கு அது குத்தல்னு புரிஞ்சுரும், தம்ஸ் அப் போட்டுட்டு மறுபடியும் தன் வழியிலயே போவாரு. அந்தக் கட்டைவிரலும் ஒரு சரிதான்.

இருந்தாலும் எழுத்து வேணும், ஆனா வேற மாதிரி எழுதணும். "12 மணி நேரம் வாடணும்"னு மட்டும் எழுதினா அது ஆசை. யாரு, எந்த நாள்ல இருந்து, எதை வச்சு பாக்கறது, அப்புறம் எந்த நிலைமையில இதை மீறலாம், மீறுனா யாருக்கு ஃபோன் பண்ணணும், இது அஞ்சும் வேணும். கடைசி ரெண்டைத்தான் யாருமே எழுதறதில்ல. மீற ஒரு நேர் வழி இல்லாத ரூலை எல்லாரும் பின்வாசல் வழியா மீறுவாங்க. "கடைசி வண்டி ஒம்போது மணிக்கு மேல வந்தா, முதல் ட்ரஃப்ப முன்கூட்டி இறக்கலாம், இறக்குறதுக்கு முன்னாடி மேனேஜருக்கு ஃபோன்" அப்படின்னு ஒரு வரி இருந்தா அண்ணனுக்கு ஒளிக்க வேண்டிய அவசியமே பாதி போயிரும்.

இன்னொண்ணு, நேரத்தை எழுதச் சொல்றதை விட வாடுன இலையோட எடையை எழுதச் சொல்லலாம். ஏத்துறப்ப 10 கிலோ ஒரு வலைப்பையில தனியா கட்டி அதே ட்ரஃப்ல வச்சு, இறக்கும்போது எடை போடறது. 7.3, 7.4 கிலோ வந்தா சரி, 8க்கு மேல நின்னா வாடல. காத்து நல்லா அடிச்ச காஞ்ச நாள்ல எட்டு மணி நேரத்துலயே எடை இறங்கிரும், அப்ப அண்ணன் சொல்றதுதான் சரியாவும் இருக்கலாம். அவரோட அனுபவத்துக்கு இடம் குடுக்கற அளவு இது, கடிகாரம் அப்படி இல்ல. எடை இறங்கிட்டாலும் உடனே இறக்கக் கூடாது, இலைக்குள்ள மாற்றம் நடக்க கொஞ்ச நேரம் வேணும், அதனால குறைஞ்சபட்சம் எத்தனை மணி நேரம்னு டீ தயாரிப்பைப் பாக்குற மேக்கரைக் கேட்டு அதையும் சேத்துக்கணும்.

## வழி 4: மீட்டிங்குக்கு முன்னாடியே மறுப்பை வாங்கிடறது

நான் சேத்தது இதுதான், என் ஓட்டும் இதுக்குத்தான், ஏன்னு இந்தக் கேஸையே வச்சு சொல்றேன்.

அந்தப் பொண்ணு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் இலை வாங்கற நேரத்துல போய் நின்னாங்க. ரூல் எதுவும் பேசல. "நாளைக்கு மீட்டிங்ல பன்னெண்டு மணி நேரம்ங்கறது மறுபடியும் வரும் அண்ணே, அதுல எது நடக்காதுன்னு நீங்க நினைக்கறீங்க?"ன்னு மட்டும் கேட்டாங்க. நடக்குமான்னு கேட்டிருந்தா நடக்கும்னுதான் வந்திருக்கும். எது நடக்காதுன்னு கேட்டதால முதல்ல சிரிச்சாரு, அப்புறம் சொன்னாரு.

கதை இதான். ஐப்பசி மழை, இந்தப் பக்கம் வடகிழக்கு மழைதான் ஜாஸ்தி. இலை நனைஞ்சு வருது, ஈர இலை வாட வழக்கத்தை விட அதிக நேரம் எடுக்கும். அதே நேரத்துல கொழுந்தும் நல்லா விடற சமயம், வரத்து ஒன்றரை மடங்கு. ட்ரஃப் எண்ணிக்கை அதேதான். ராத்திரி ஒம்போதுக்கு கடைசி ஜீப் வந்து நிக்கும்போது எல்லா ட்ரஃப்பும் ரொம்பியிருக்கு. ஏத்த இடமில்லாத இலை சாக்குலயே கிடந்தா உள்ள சூடேறும், கையை விட்டாலே தெரியும், காலைக்குள்ள சிவந்துரும், அப்புறம் அது டீக்கே ஆகாது. திருப்பி அனுப்பலாம்னா ஓனர் ஏஜென்ட்டுங்ககிட்ட "எவ்வளவு வந்தாலும் எடுத்துக்கறோம்"னு வாக்கு குடுத்திருக்காரு. ஆக, சிவந்த இலையா, வாடாத இலையா, இந்த ரெண்டுல ஒண்ணைத்தான் அண்ணன் ராத்திரி தேர்ந்தெடுக்க முடியும். அவரு தேர்ந்தெடுத்தது தப்பும் இல்ல.

இதை ஏன் மீட்டிங்ல சொல்லலன்னு கேக்கலாம். சொன்னா ஓனர் முன்னாடி ஓனர் வாக்கையே குறை சொன்ன மாதிரி ஆயிரும். அதனால "சரிங்க". ஒரே முதலாளி குடுத்த ரெண்டு ஆர்டர் ஒண்ணோட ஒண்ணு மோதுது, அந்த மோதலை ராத்திரி பத்து மணிக்கு தனியா தீர்த்துக்கிட்டது இவரு. இதை பாசிவ் அக்ரசிவ்னு சொல்றதே எனக்கு ஒப்பல.

தெரிஞ்சதும் மீட்டிங் வேற மாதிரி போச்சு. "12 மணி நேரம் வாட்டணும்"னு பேசாம, "மழை நாள்ல ராத்திரி எட்டு மணிக்கு மேல வர்ற இலையை எங்க போடறது"ன்னு அந்தப் பொண்ணே கேட்டாங்க, அண்ணன் பேரை இழுக்காம. ஓனருக்கு அப்பத்தான் இப்படி ஒரு சிக்கல் இருக்கறதே தெரியும். ரெண்டு ஏஜென்ட்டோட வண்டியை மத்தியானத்துக்கு மாத்தி வரச் சொல்றது, முதல்ல ஏத்துன ட்ரஃப்ப முதல்ல இறக்கி சிடிசியை ஒரு மணி நேரம் முன்னாடி ஸ்டார்ட் பண்றதுன்னு முடிவாச்சு. சிடிசியை முன்னாடி ஸ்டார்ட் பண்றது அண்ணன் சொன்ன யோசனை, அதை அவரே சொல்ல விட்டாங்க.

இதுக்கும் விலை உண்டு. ஒவ்வொரு முடிவுக்கும் முன்னாடி இப்படி ஒரு நடை நடக்கணும்னா நேரம் போகும். உங்க ரூல் நீங்க நினைச்ச உருவத்துல இருக்காது, பன்னெண்டு மணி நேரம் பத்தாகலாம். மேனேஜருக்கும் "எனக்கு முன்னாடியே எல்லாம் பேசி முடிச்சிட்டு வர்றீங்களா"ன்னு சுருக்குன்னு தைக்கலாம், அதனால அவர்கிட்ட "அண்ணன்கிட்ட ஒரு தடவை விவரம் கேட்டுட்டு வரேன் சார்"னு ஒரு வார்த்தை போட்டுட்டுப் போறது உத்தமம்.

இதோட எல்லை எங்கன்னா ரெண்டாவது முடிவுல. அதே ஞாயித்துக்கிழமை முத்தல் இலையைப் பத்தியும் அதே கேள்வியைக் கேட்டாங்க. தராசு இருக்கு, தனி இடம் இருக்கு, ஆள் இருக்கு, எதுவுமே தடையில்ல. அண்ணன் சொன்னது "பாத்துக்கலாம்ங்க" மட்டும்தான், கண்ணு வேற பக்கம். முதல் கேள்விக்கு அரை மணி நேரம் பேசுன மனுஷன் ரெண்டாவதுக்கு ஒரு வார்த்தையோட நிறுத்தறாருன்னா அது வேற வகை சரி. முத்தல் இலை கொண்டு வர்றது யாருங்கறது அவருக்குத் தெரியும், அவங்ககூட கோயில் திருவிழாவுல நிக்கணும். அவரு ரேட்டைக் குறைச்சா அவருக்குத்தான் கெட்ட பேரு, குறைக்கலன்னா ஃபேக்டரிக்கு நஷ்டம், அவருக்கு ஒண்ணுமில்ல. இங்க அவரு தேர்ந்தெடுக்கறது தெரிஞ்சேதான், அந்த மேடம் போட்ட ரூல்னு சொன்ன பேச்சும் இங்க இருந்துதான் கிளம்புனது.

## வழி 5: மேல கொண்டு போறது

செய்ய இஷ்டமில்லாத சரிக்கு கடைசியில இதான் வழி, ஆனா கொண்டு போற சரக்கு சரியா இருக்கணும். "அவரு ஒத்துழைக்க மாட்டேங்கறாரு சார்"னு போனா, ஓனர் மனசுல ஒரு பக்கம் இருபது வருஷம், இன்னொரு பக்கம் நீங்க, தராசு எந்தப் பக்கம் சாயும்னு சொல்லவே வேணாம்.

கையில ரெண்டு வாரத்துத் தாள் வேணும். ஒவ்வொரு வண்டியிலயும் நாலஞ்சு சாக்குல இருந்து கைப்பிடி கைப்பிடியா எடுத்து 100 கிராம் சாம்பிள், அதுல ரெண்டு இலையும் ஒரு கொழுந்தும், இளசான மூணு இலை வரைக்கும் ஒரு பக்கம், காம்பும் முத்தலும் இன்னொரு பக்கம், ரெண்டையும் எடை போட்டு தேதி, வண்டி, நல்ல இலை எத்தனை கிராம், எந்த ரேட்ல எடுத்தோம்னு நாலே கட்டம். அண்ணன் பேரு எங்கயும் வேண்டாம். ஏலத்துல விலை குறைஞ்சதைக் காட்டி சண்டை போடவும் நினைக்காதீங்க, நம்ம டீ குன்னூர் ஏலத்துக்குப் போய் விலை தெரியறதுக்கு வாரக்கணக்கு ஆகும், அதுக்குள்ள எந்த ராத்திரி இலைன்னு யாருக்கும் ஞாபகம் இருக்காது. இலை வந்த அன்னிக்கு எடுத்த சாம்பிள்தான் பேசும்.

அப்புறம் கேக்கறதும் தண்டனையா இருக்கக் கூடாது, முடிவா இருக்கணும்: "ரேட் குறைக்கிற அதிகாரம் யாருக்கு சார், ஏஜென்ட்கிட்ட அதைச் சொல்றது யாரு?" அண்ணன் தலையில இருந்து அந்தக் கெட்ட பேரை இறக்கி ஆஃபீஸ் தலையில வைக்கற கேள்வி இது. மேனேஜர் கையெழுத்துல ஏஜென்ட்டுங்களுக்கு ஒரு நோட்டீஸ் போனா, "மேடம் போட்ட ரூல்"ங்கற பேச்சுக்கும் இடமில்லாம போயிரும்.

இங்க இருக்கற பெரிய செலவை முன்னாடியே தெரிஞ்சுக்குங்க. டீ போர்டு மாசா மாசம் பச்சை இலைக்கு விலை அறிவிக்குது, எல்லா ஃபேக்டரிக்கும் அதுதான் அடிப்படை, அதனால நம்ம ரேட்டைக் குறைச்சா ஏஜென்ட் வண்டியைத் திருப்பிக்கிட்டு அடுத்த ஃபேக்டரிக்குப் போக அரை மணி நேரம் ஆகாது. இலை அண்ணன் முகத்துக்காக வருதுன்னு ஓனருக்கு ஒரு பயம் இருக்கும். அந்த பயத்துல ஓனரே "விடும்மா, பாத்துக்கலாம்"னு சொல்லிட்டாருன்னா, நீங்க தோத்ததா நினைக்காதீங்க, அந்த ரூல் ஓனரோட ரூலாவே இருந்ததில்லன்னு தெரிஞ்சுக்கிட்டீங்க. அப்ப மீட்டிங்ல சரின்னு சொன்னது அண்ணன் ஒருத்தர் மட்டுமில்ல. அதுக்கப்புறம் அதே விஷயத்தை அண்ணன்கிட்ட போய் பிடிக்கறதுல அர்த்தமே இல்ல.

திரும்பி வர முடியாத வழி இது ஒண்ணுதான். ஒரு தடவை மேல போனா அண்ணன் உங்க முன்னாடி மறுபடி மனசு விட்டு பேச வருஷமாகும்.

## ஒரே பார்வையில

| வழி | எந்த சரின்னு தெரியுமா | செக் பண்ண முடியுமா | விலை யாருக்கு | திரும்ப முடியுமா |
|---|---|---|---|---|
| கண்டுக்காம விடறது | தெரியாது | முடியாது | உங்களுக்கும் விறகுக்கும் | முடியும், நாளாக ஆக கஷ்டம் |
| தனியா பேசறது | கேக்கற விதத்தைப் பொறுத்து | முடியாது | உங்க பேருக்கு, கொஞ்சம் | முடியும் |
| எழுத்துல போடறது | தெரியாது | எடைன்னா முடியும், நேரம்னா சந்தேகம் | அவரோட கௌரவத்துக்கு | ஓரளவு |
| முன்கூட்டியே கேக்கறது | நல்லாவே தெரியும் | எழுத்தையும் சேத்தா முடியும் | உங்க நேரத்துக்கு, ரூலோட உருவத்துக்கு | முடியும் |
| மேல கொண்டு போறது | ஓனரோட சரியும் தெரிஞ்சுரும் | முடியும் | உறவுக்கு | முடியாது |

## யாரு எதை எடுக்கலாம்

முதல்ல நாலாவது, அதுக்கப்புறம்தான் மத்தது எல்லாம். அண்ணன் விவரமா ஒரு தடையைச் சொன்னாரா, அதைத் தீர்த்துட்டு மூணாவதுல சொன்ன மாதிரி மீறும் வழியோட சேத்து எழுதிடுங்க, பெரும்பாலும் அங்கயே முடிஞ்சுரும். தடையே சொல்லாம மழுப்புனாரா, ரெண்டாவதை ஒரே ஒரு தடவை பண்ணுங்க, அப்பவும் அதே நடந்தா தாளை சேக்க ஆரம்பிச்சு அஞ்சாவது. நீங்க புரொபேஷன்ல இருந்தா அஞ்சாவதுக்கு நேரா போகாதீங்க, மேனேஜரை வச்சு நோட்டீஸா வர வைங்க. அவரு உங்களுக்கு மேலதிகாரின்னா மூணாவது ஓடாது, மேலதிகாரிக்கு ரெஜிஸ்டர் வைக்க முடியாது, நாலாவது மட்டும்தான்.

நேரமும் பாத்துக்குங்க. இலை கொட்டுற மாசத்துல முத்தல் இலை சண்டையை ஆரம்பிக்காதீங்க, அப்ப எந்த ஓனரும் வண்டியைத் திருப்பி விட மாட்டாரு. மார்கழி, தையில பனி விழுந்து வரத்து குறையும்போது பேசுனா அதே ஓனர் நிதானமா கேப்பாரு, ஆனா அப்பதான் இலையும் குறைவு, ஏஜென்ட்டை இழக்க பயமும் ஜாஸ்தி, அதனால நோட்டீஸ்ல அமலுக்கு வர்ற தேதியை அடுத்த சீசன் ஆரம்பத்துக்குப் போடுங்க. கோத்தகிரி பொண்ணுக்கு நான் சொன்னதும் அதான்: வாட்டுறது இப்பவே, முத்தல் இலைக்கு சாம்பிள் தாள் இன்னிக்கே ஆரம்பிச்சுடுங்க, ஓனர் ரூம் கதவைத் தட்டறது தை பொங்கல் முடிஞ்சு.